எண் வரிசை இல்லாத விசைப்பலகை

பிளாங்க் என்ற குட்டி விசைப்பலகையில் நான்கே வரிசைகள், மொத்தம் 48 விசைகள். எண்களுக்கென்று தனி வரிசை கிடையாது. ஆனாலும் அதில் எண்களைத் தட்டலாம். காரணம், உள்ளிருக்கும் QMK என்ற இலவச மென்பொருள்.

ஒவ்வொரு விசைக்கும் பல அடுக்குகளில் வெவ்வேறு வேலை தரலாம். `MO(1)` என்று குறித்த விசையை அழுத்திப் பிடித்தால் அடுத்த அடுக்கு விழிக்கும். Q இருந்த இடம் 1 ஆகும். விரலை எடுத்தால் பழையபடி Q. அந்த அடுக்கில் `KC_TRNS` என்று விட்ட விசைகள் கீழ் அடுக்கின் வேலையையே செய்யும்.

`SEND_STRING` கொண்டு மேக்ரோ எழுதினால், ஒரே தட்டலில் முழு முகவரியும் திரையில் வரும். கடவுச்சொல்லை மட்டும் அதில் வைக்கக் கூடாது. பலகையைத் தொடும் யாரும் அதைத் தட்டிவிடலாம்.

புதிய அமைப்பை ஏற்றுவதுதான் பலரைப் பயமுறுத்துகிறது. RP2040 சில்லுள்ள பலகையில் அந்தப் பயம் தேவையில்லை. பூட் பொத்தானை அழுத்தியபடி கேபிளைச் செருகினால், `RPI-RP2` என்ற டிரைவ் தோன்றும். அதில் `.uf2` கோப்பை நகலெடுத்ததும் டிரைவ் மறைந்து, பலகை மறுபடி இயங்கும். ஏற்றும் நிரல் சில்லின் அழியாத நினைவகத்தில் இருப்பதால், தவறான கோப்பு அதைக் கெடுக்காது. வேறு மாடலுக்கான கோப்பை ஏற்றினால் சில வரிசைகள் செத்துக் கிடக்கும். சரியானதை மீண்டும் ஏற்றினால் போதும்.

பொத்தான் பெட்டிக்குள் மறைந்திருந்தால், ஏதேனும் ஓர் அடுக்கில் `QK_BOOT` விசையை முன்கூட்டியே வைத்துக்கொள்வது நல்லது. பழைய கோப்பும், இரவல் விசைப்பலகை ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.