டாலர் பங்கும் ரூபாய்க் கல்லாவும்

நம் ஊர்க் கடைகளில் இன்று பிள்ளைகள் கல்லாவில் உட்கார்ந்தபடியே அமெரிக்கக் கம்பெனிப் பங்குகளை வாங்குகிறார்கள். சட்டப்படி அதில் தவறில்லை. ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், அதில் பங்கும் வாங்கலாம். ஆனால் கடையில் வருவது ரூபாய், பங்கு நிற்பதோ டாலரில். ஆகையால் பங்கின் விலை, டாலரின் விலை என்று இரண்டு தராசுகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது. டாலர் இறங்கினால் நஷ்டம் வராமல் 'ஹெட்ஜிங்' செய்துகொள்ளலாமா என்று சங்கத்துக்கு வரும் உறுப்பினர்கள் பலர் நம்மிடம் கேட்கிறார்கள். அதைப் பற்றி நாம் அறிந்ததைச் சொல்கிறோம்.

ஹெட்ஜிங் என்பது நமக்குப் புதிதல்ல. மூன்று மாதம் கழித்துக் கொடுக்கப்போகும் சரக்குக்கு இன்றைக்கே விலை பேசி முடிப்பது போன்றதுதான். டாலர் பங்கு வைத்திருப்பவர் அதே அளவு டாலரை, வரும் ஒரு தேதிக்கு இன்றே பேசிய விலைக்கு விற்று வைக்கிறார். டாலர் இறங்கினால் பேசிய விலை காப்பாற்றும். ஏறினால் அந்த ஏற்றம் அவருக்குக் கிடையாது, வித்தியாசத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும்.

நம் நாட்டில் வட்டி அமெரிக்க வட்டியைவிடப் பெரும்பாலும் அதிகமாகவே இருந்து வந்திருக்கிறது. அதனால் ஓராண்டு கழித்துக் கொடுக்கும் டாலருக்கு இன்றைய விலையைவிடச் சற்றுக் கூடுதல் விலை கிடைக்கும். அதைப் பிரீமியம் என்பார்கள். இறக்குமதிக்காரர் அதைக் கொடுக்கிறார், டாலரை விற்று வைப்பவர் பெறுகிறார். இதைக் காட்டி, 'ஹெட்ஜிங் செய்தால் மேல்வரும்படி' என்று சிலர் சொல்வார்கள். ரூபாய் அந்தப் பிரீமியத்தைவிட அதிகமாக இறங்கும் வருடத்தில் அந்த வரும்படி நஷ்டமாகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தடுத்த இரண்டு வருடங்களை வைத்துக் கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும்.

2007 தொடக்கத்தில் டாலர் ஏறக்குறைய 44 ரூபாய் 25 காசு. அந்த வருட முடிவில் 39 ரூபாய் 40 காசு. அமெரிக்காவின் பெரிய 500 கம்பெனிகளின் குறியீடான எஸ் அண்ட் பி அந்த வருடம் சுமார் மூன்றரை சதவீதம் ஏறியது. ஒருவர் 10,000 டாலருக்கு அந்தப் பங்குகளை வைத்திருந்தால், வருடத் தொடக்கத்தில் அதன் மதிப்பு 4,42,500 ரூபாய். முடிவில் 10,350 டாலராக வளர்ந்தும், ரூபாயில் அது சுமார் 4,08,000 தான். பங்கு ஏறியும் 34,000 ரூபாய்க்கு மேல் நஷ்டம். 10,000 டாலரை 45 ரூபாய்க்கு விற்று வைத்திருந்தார் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒப்பந்தத்தில் 56,000 ரூபாய் வந்து நஷ்டத்தை அடைத்து மேலும் மிஞ்சியிருக்கும்.

இதைப் பார்த்துவிட்டு அடுத்த வருடமும் அவர் அதையே செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2008இல் உலகப் பங்குச் சந்தைகள் விழுந்தன. அந்தக் குறியீடு முப்பத்தெட்டரை சதவீதம் இறங்கியது. டாலரோ 39 ரூபாய் 40 காசிலிருந்து சுமார் 48 ரூபாய் 50 காசுக்குப் போனது. 3,94,000 ரூபாய் மதிப்புள்ள 10,000 டாலர் பங்கு 6,150 டாலராகிப் போனாலும், ரூபாயில் அது 2,98,000 இருந்தது. நஷ்டம் 24 சதவீதத்தோடு நின்றது. டாலரை 40 ரூபாய்க்கு விற்று வைத்திருந்தவரோ ஒப்பந்தத்துக்காக இன்னும் 85,000 ரூபாய் கட்டியிருப்பார். அவர் கையில் மிஞ்சுவது 2,13,000. அதாவது 46 சதவீத நஷ்டம்.

இது தற்செயலாக நேர்ந்ததல்ல. உலகில் பயம் வரும்போது அந்நிய முதலீட்டாளர்கள் நம் சந்தையிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு டாலருக்கு ஓடுகிறார்கள். ஆகையால் அமெரிக்கப் பங்கு பெரிதாக விழும் வேளையில் ரூபாயும் விழுவது வழக்கம். 2022இலும் இரண்டும் சேர்ந்தே இறங்கின. ஹெட்ஜிங் செய்யாத நம்மவருக்கு அதுவே ஓர் அணை. ஹெட்ஜிங் செய்தவர் அந்த அணையைக் காசு கொடுத்து உடைத்துக்கொள்கிறார். அதோடு, பங்கு 6,150 டாலராகச் சுருங்கிவிட்ட பிறகும் விற்று வைத்த ஒப்பந்தம் 10,000 டாலருக்கே நிற்கும். கிடங்கில் இல்லாத சரக்கை விற்ற கதைதான்.

அந்தக் கதையை நம் ஊர் கண்ணால் பார்த்திருக்கிறது. 2007இல் ரூபாய் ஏறி ஏற்றுமதி லாபம் கரைந்தபோது, வங்கிகள் கொண்டுவந்த 'டெரிவேடிவ்' ஒப்பந்தங்களில் திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள் பலர் கையெழுத்துப் போட்டார்கள். அவற்றில் பல டாலர் - ரூபாய் ஒப்பந்தங்களே அல்ல. டாலருக்கும் சுவிஸ் பிராங்குக்கும், டாலருக்கும் ஜப்பான் யென்னுக்கும் இடையிலானவை. பில் போடுவது டாலரில், பந்தயம் பிராங்கில்! 2008 மார்ச்சில் டாலர் ஒரு பிராங்குக்கும் கீழே போனது, ஒப்பந்தக்காரர்கள் தலையில் பெரும் தொகைகள் விழுந்தன. பலர் நீதிமன்றம் போனார்கள். கோவை ராஜஸ்ரீ சுகர்ஸ் நிறுவனம் ஆக்சிஸ் வங்கியை எதிர்த்த வழக்கில், இது சூதாட்ட ஒப்பந்தம் என்ற வாதத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2008 அக்டோபரில் ஏற்கவில்லை. டெரிவேடிவ் விதிகளை மீறியதற்காக 19 வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2011 ஏப்ரலில் அபராதம் விதித்தது. ஆனால் கையெழுத்துப் போட்டவர் கட்டிய பணம் அதனால் திரும்பவில்லை. எந்த நாணயத்தில் நமக்கு வரவோ செலவோ இல்லையோ, அந்த நாணயத்தில் போடும் ஒப்பந்தம் ஹெட்ஜிங் ஆகாது.

திருப்பூர் கடைக்காரருக்கு மட்டும் இன்னொரு கணக்கு இருக்கிறது. நம் கல்லாவில் விழுவது ரூபாய்தான், ஆனால் அது சனிக்கிழமைச் சம்பளத்தில் வருகிறது. அந்தச் சம்பளத்தின் வேர் டாலர் ஆர்டரில் இருக்கிறது. ரூபாய் ஏறினால் பனியன் கம்பெனிக்கு லாபம் குறையும், கடையில் கடன் நோட்டு தடிக்கும். அதே நேரத்தில் நம் அமெரிக்கப் பங்கின் ரூபாய் மதிப்பும் இறங்கும். ஆகவே நம் ஊர்க்காரர் டாலர் பங்கில் போடும் தொகையை மற்ற ஊர்க்காரரைவிடக் குறைவாக வைத்துக்கொள்வது நல்லது. ஹெட்ஜிங்கைவிட இதற்குச் செலவு குறைவு.

அப்படியானால் ஹெட்ஜிங் எப்போதுதான் தேவை? அந்தப் பணம் எந்த நாணயத்தில், எப்போது செலவாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். மகளை அமெரிக்காவில் படிக்க வைக்கப் பங்கு சேர்ப்பவருக்குச் செலவும் டாலரில்தான். அவர் டாலரை விற்று வைத்தால் இல்லாத ஆபத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார். பத்து வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கும் தேவையில்லை என்பதே நம் கருத்து. பங்கை விற்று, மூன்று மாதத்தில் கிடங்கு கிரயத்துக்கு ரூபாய் கட்டியாக வேண்டியவருக்கு மட்டும் அர்த்தம் உண்டு. அவருக்குத் தொகை தெரியும், தேதி தெரியும், பங்கு விலை ஏறி இறங்கும் தொல்லையும் இல்லை. ஆனால் பணத்தை உடனே கொண்டுவந்து வங்கியில் போட முடிந்தால் அவருக்கும் அது வேண்டாம்.

செய்வதானால் தேசியப் பங்குச் சந்தையில் டாலர் - ரூபாய் பியூச்சர் இருக்கிறது. ஒரு லாட் 1,000 டாலர். உண்மையில் டாலர் வரவோ செலவோ உள்ளவர்தான் இதில் இறங்கலாம் என்ற விதி 2024 மே முதல் கண்டிப்பாகிவிட்டது. டாலர் கை மாறாது, வித்தியாசம் மட்டும் ரூபாயில் தீர்க்கப்படும். மார்ஜின் பணம் முன்னதாகக் கட்ட வேண்டும். டாலர் 50 காசு ஏறினால், 10 லாட் விற்று வைத்திருப்பவர் அன்றைக்கே 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும். பங்கில் வரும் ஈடு, அதை விற்றுப் பணம் இங்கே வந்து சேர்ந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். அதுவரை அந்த 5,000 கடை முதலிலிருந்து போகும். தீபாவளிச் சரக்கு எடுக்கும் மாதத்தில் இப்படி நாலு நாள் தொடர்ந்தால் மண்டிக்குக் கட்ட என்ன இருக்கும் என்று முதலில் கணக்குப் பார்த்துவிட்டுப் புரோக்கரிடம் போகவும்.