பண்டில் எங்கே குவிகிறது?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் டி-ஷர்ட் தைக்கும் லைனை எடுத்துக்கொள்வோம். காலை 8.30 முதல் மாலை 5.30 வரை ஒரு ஷிப்ட் என்றால், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமும் இரண்டு டீக்கு அரை மணி நேரமும் போக, மிஷின் ஓடுவது ஏழரை மணி நேரம். அதாவது 27,000 வினாடி. ஆர்டரை முடிக்க நாளைக்கு 900 பீஸ் வேண்டும் என்றால், 30 வினாடிக்கு ஒரு பீஸ் லைனை விட்டு வெளியே வர வேண்டும்.

இந்த 30 வினாடிதான் டாக்ட் டைம். இசையின் தாள அளவைச் சொல்லும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்த பெயர். இதை எந்த மிஷின் பக்கத்தில் நின்றும் அளக்க முடியாது. ஆர்டர் கொடுத்தவரின் தேவையிலிருந்து கணக்குப் போட்டு எடுப்பது. ஆர்டர் கூடினால் இது குறையும்.

சைக்கிள் டைம் வேறு. ஒரு டைலர் ஒரு பீஸை எடுத்து, தைத்து, அடுத்த பீஸைக் கையில் எடுக்கும்வரை ஆகும் நேரம் அது. இதற்கு ஸ்டாப் வாட்ச் வேண்டும். நம் லைனில் ஷோல்டர் அடிக்க 18 வினாடி, கழுத்துக்கு 27, கை ஏற்ற 28, சைடு அடிக்க 36, பாட்டம் மடித்து அடிக்க 25 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஐந்தில் நான்கு பேர் 30 வினாடிக்குள் முடிக்கிறார்கள். இருந்தும் 900 வராது. எல்லாத் துணியும் சைடு அடிக்கும் ஓவர்லாக் மிஷினைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். 27,000-ஐ 36 ஆல் வகுத்தால் 750. அந்த ஷிப்டின் உச்சவரம்பே அதுதான். கழுத்து அடிப்பவரை விரட்டினால் 751-வது பீஸ் வந்துவிடாது. சைடு மிஷினுக்கு முன்னால் பண்டில்கள் மலைபோல் ஏறும், அவ்வளவே. லைனில் நடந்து போகிறவருக்கு ஸ்டாப் வாட்ச் இல்லாமலே இது தெரியும்: முன்னால் குவியல், பின்னால் பாட்டம் அடிப்பவர் பீஸுக்கு 11 வினாடி சும்மா காத்திருப்பார்.

அந்த 750-ம் கூட, முந்தைய நாளின் பண்டில்கள் ஒவ்வொரு மிஷினிலும் காத்திருந்தால்தான். புது ஸ்டைல் ஏறும் நாளில் லைன் காலியாக இருக்கும். இருபது பீஸ் கொண்ட முதல் பண்டில் ஷோல்டர், கழுத்து, கை மூன்றையும் முடித்து சைடுக்கு வரவே 24 நிமிடம் ஓடிவிடும். அன்று முழுதாக முடிவது 34 பண்டில், 680 பீஸ்.

சைடுக்கு இன்னொரு டைலரையும் மிஷினையும் போட்டால், அங்கே 18 வினாடிக்கு ஒரு பீஸ் என்ற கணக்கு வரும். தடை உடனே கை ஏற்றும் இடத்துக்கு நகரும். 28 வினாடிக்கு ஒன்று என்றால் 964 பீஸ். ஆர்டருக்கு மேலே 64 பீஸ் இருக்கிறதே என்று மகிழ்ந்து இலக்கை உயர்த்துவது தவறு. 900 பீஸுக்கு 28 வினாடி வீதம் 25,200 வினாடி போனால், மீதி சரியாக 30 நிமிடம். ஊசி உடைவதும், நூல் அறுவதும், செக்கிங்கிலிருந்து ஆல்டருக்குத் திரும்பி வரும் பீஸ்களும் அந்த அரை மணி நேரத்துக்குள்தான் அடங்க வேண்டும்.