விடியற்காலை மூன்று மணிக்கு யார் வருவார்?

மார்கழி பாதியில், தஞ்சாவூரில் பியூட்டி ஸ்டூடியோ வைத்திருக்கும் அக்கா ஒருவர் தை சீசனுக்கு நோட்டீஸ் எழுதித் தரச் சொன்னார். மணப்பெண் மேக்கப், மெஹந்தி, ட்ரையல் மூன்றும் சேர்ந்த பேக்கேஜ். நானும் ராத்திரி உட்கார்ந்து, ‘தேவதையாய் ஜொலிக்க, வாழ்நாள் முழுக்க நினைவில் நிற்க’ என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். அக்கா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு படித்தார்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதைப் படிச்சிட்டு போன் பண்ற அம்மா முதல்ல என்ன கேப்பாங்க தெரியுமா? ‘காலையில எத்தனை மணிக்கு வருவீங்க?’ அது இதுல எங்க இருக்கு?”

எங்கேயும் இல்லை. அன்றைக்கு மதியம் முழுவதும் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பொண்ணுக்கு மேக்கப் புக் பண்ணப் போகிற எந்த வீட்டுக்கும் அந்தக் கணக்கு பயன்படும்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் விடியலில் முகூர்த்தம் என்பதுதான் பெரும்பாலும் வழக்கம். வெள்ளிக்கிழமை காலை 6 முதல் 7.30 வரை முகூர்த்தம் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினோம். 6 மணிக்குப் பெண் மணையில் உட்கார வேண்டும். புடவை கட்டி நகை பூட்ட முக்கால் மணி. ராக்கொடி, ஜடைபில்லை, பூ ஜடை எல்லாம் வைத்துத் தலை அலங்காரம் முடிய ஒரு மணி. முகத்துக்கு ஒண்ணேகால் மணி. ஆக மூன்று மணிக்கு பிரஷைக் கையில் எடுத்தாக வேண்டும். பெண் அதற்கு முன்னால் குளித்திருக்க வேண்டும். ரிசப்ஷன் முடிந்து, முதல் மேக்கப்பைக் கலைத்து, ஸ்ப்ரே அடித்த தலையிலிருந்து பின்களை ஒவ்வொன்றாக உருவிப் படுக்கும்போது மணி பன்னிரண்டைத் தொட்டிருக்கும். காலையில் கண் உப்பியிருப்பதற்கு இதுதான் காரணம். அதற்கு எந்தக் க்ரீமும் முழுசாக ஈடு கட்டாது.

அதனால் நோட்டீஸில் முதல் வரியை இப்படி மாற்றினோம்: ‘ரிசப்ஷன் மேக்கப் ஒன்று, முகூர்த்த மேக்கப் ஒன்று. விடியற்காலை நான்குக்கு முன் ஆரம்பிக்கும் முகூர்த்தத்துக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. புக்கிங் போதே சொல்லிவிடுவோம்.’ அழகான வரி இல்லைதான். ஆனால் கடைசி நேரச் சண்டைகளில் பாதி இந்தக் கட்டணத்தால் வருகிறது என்கிறார் அக்கா.

அடுத்து அவர் கேட்ட கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. “கூறைப் புடவை?”

பல வீடுகளில் பெண் முதலில் ஒரு பட்டுப் புடவையில் மணைக்கு வருவாள். சடங்கு நடுவில் கூறைப் புடவையைத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்த பிறகுதான் தாலி. கிடைப்பது பதினைந்து நிமிஷம். ஐயர் ‘பொண்ணை அழைச்சிண்டு வாங்கோ’ என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். ‘மேக்கப் முடிந்தது’ என்று ஆர்ட்டிஸ்ட் அஞ்சரைக்கே பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பியிருந்தால், புடவை கட்டிவிடுவது அவசரத்தில் கை நடுங்கும் அத்தை. ஒட்டியாணத்தைக் கழற்றி மாட்டும்போது கொசுவம் அவிழும், தலையில் இருக்கும் பூ ஜடை இழுபடும், நெற்றிச்சுட்டி ஒரு பக்கம் சாயும். தாலி கட்டும் போட்டோ முழுக்க அப்படியே நிற்கும். ஆகவே எழுதினோம்: ‘கூறை மாற்றிக் கட்டி, தாலி ஏறும் வரை எங்கள் ஆள் ஒருவர் மண்டபத்தில் இருப்பார்.’ உங்களிடம் யாராவது பேக்கேஜ் அட்டை நீட்டினால் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாய்விட்டுக் கேளுங்கள்.

ட்ரையலுக்கு வந்தோம். ‘ட்ரையல் இலவசம்’ என்று போட்டால் கூட்டம் வருமே என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “ரெண்டு மணி நேரம், ஒரு ஆள், அரைப் பெட்டி சாமான். இலவசம்னா கன்னத்துல ரெண்டு கோடு போட்டு அனுப்பிடுவாங்க.” அவர் ட்ரையலுக்கு 2,000 ரூபாய் வாங்குகிறார், புக் செய்தால் மொத்தத்தில் கழித்துவிடுகிறார்.

ட்ரையல் கல்யாணத்துக்குப் பதினைந்து, இருபது நாள் முன்னால் இருக்க வேண்டும். ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் தடித்தால் தோல் ஆறவும், ஆளையே மாற்றுவதென்றாலும் அவகாசம் வேண்டும். வரும்போது இரண்டு ப்ளவுஸையும் கொண்டு வரச் சொல்கிறார். கழுத்தின் வெட்டு எவ்வளவு இறக்கம் என்று தெரிந்தால்தான் ஃபவுண்டேஷனை எதுவரை இறக்குவது என்று முடிவு செய்ய முடியும். நெற்றிச்சுட்டியும் ஜிமிக்கியும் கூடவே வர வேண்டும். அன்று காலையில் புருவத்துக்கு த்ரெடிங் செய்துகொண்டு வரக்கூடாது. சிவந்த தோலில் எந்த நிறமும் சரியாகத் தெரியாது. பொய் இமை வைக்கும் பசையை இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்த்துவிடுவது நல்லது. சிலருக்கு அதுதான் அரிக்கும்.

மதியம் மூன்று மணிக்குத்தான் அவர் ட்ரையலுக்கு நேரம் கொடுக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். அப்போதுதான் ட்ரையல் முடிந்த பெண் ஒருத்தி வேப்பமர நிழலில் நின்றிருந்தாள். உள்ளே பல்ப் வட்டத்துக்குள் கண்ணாடியில் பளிச்சென்று இருந்த முகம் வெளியே தாடை ஓரத்தில் சின்னக் கோடாகப் பிரிந்தது. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். “இதைப் பாக்கத்தான் வெயில் வேணும்.” அடுத்து அவளுடைய அம்மாவிடம் போனைக் கொடுத்து, உள்ளே லைட்டை அணைத்துவிட்டு ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுக்கச் சொன்னார். மூக்கும் கண்ணின் கீழும் மாவு பூசின மாதிரி வெளுத்துத் தெரிந்தன. சில சன்ஸ்க்ரீன்களில் இருக்கும் டைட்டானியம் டைஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு, மேலே தூவும் சிலிக்கா பவுடர் எல்லாம் ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். நேரில் தெரியாது; ஆல்பம் வந்த பிறகுதான் தெரியும். அந்தப் பெண் காலையில் தானே சன்ஸ்க்ரீன் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அக்கா பவுடரை மாற்றினார். கல்யாண நாளில் சன்ஸ்க்ரீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தாடையில் ஒரு சுற்று மஞ்சள் சாயல் கூடிய நிறத்தைக் கலந்து தேய்த்தார். எந்த நிறம் எத்தனை சொட்டு என்று ஒரு அட்டையில் எழுதி அவள் பெயரைப் போட்டு வைத்துக்கொண்டார். அந்த அட்டைதான் ட்ரையலின் பலன். அது இல்லாவிட்டால் கல்யாணத்தன்று மறுபடி முதலிலிருந்து கலக்க வேண்டியதுதான்.

பிறகும் ‘கழுவாதே’ என்று சொல்லித்தான் அனுப்புகிறார். வீட்டுக்குப் போய், வேலை பார்த்து, சாப்பிட்டு, நாலைந்து மணி நேரம் கழித்து மறுபடி ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். மூக்கின் இரு ஓரமும் சிரிப்பு விழும் கோடும் முதலில் கலையும் இடங்கள். சில ஃபவுண்டேஷன் நேரம் ஆக ஆகக் கறுத்தும் போகும்.

ட்ரையலில் பிடிபடாத ஒன்றும் உண்டு. நலங்கு. கல்யாணத்துக்கு முந்தின நாளோ அன்று காலையோ மஞ்சளை முகம் முழுக்கப் பூசிக் குளிப்பாட்டினால், பதினைந்து நாள் முன் பார்த்து வைத்த நிறம் பொருந்தாது; முகம் மஞ்சளாகவும் கழுத்து வேறாகவும் நிற்கும். ‘சடங்கு வேண்டாம்னு சொல்ல நாம யாரு? கன்னத்துல தொட்டு வைங்க, அப்பாதீங்கன்னு பாட்டிகிட்ட சொல்லிடுவேன்’ என்றார். பாட்டி கேட்காத வீட்டுக்காக ஒரு ஷேடு மஞ்சள் கூடிய பாட்டிலும் பெட்டியில் இருக்கிறது.

ஹெச்டியா, ஏர்பிரஷா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஹெச்டி என்பது நைசான துகள் கொண்ட சாமானை பிரஷாலும் ஸ்பாஞ்சாலும் போடுவது. ஏர்பிரஷ் என்பது சின்ன கம்ப்ரெஸரில் இணைத்த துப்பாக்கியால் பனிபோலத் தெளிப்பது. ஏர்பிரஷ் லேசாக இருக்கும், ஆனால் கண்ணீர் ஓடிய கோட்டை அதில் ஒட்டுப் போடுவது சிரமம். ஹோமப் புகையிலும் பெண்ணை ஒப்படைக்கும்போதும் அழாத பெண்ணை நான் பார்த்ததில்லை. விலை கூட என்பதற்காக மட்டும் ஏர்பிரஷ் எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

மெஹந்திக்கு நான் ‘கல்யாணத்துக்கு முந்தின நாள்’ என்று எழுதியிருந்தேன். அக்கா அடித்துவிட்டார். மருதாணி இலையில் இருக்கும் லாசோன் என்ற சாயம் தோலின் கெரட்டினோடு ஒட்டிக்கொள்கிறது. விழுதைச் சுரண்டியதும் தெரிவது ஆரஞ்சுதான். காற்றுப் பட்டு ஒன்று, ஒன்றரை நாளில்தான் சிவந்து கறுக்கும். வெள்ளி முகூர்த்தம் என்றால் செவ்வாய் மாலை வைக்க வேண்டும். முழங்கை வரை இரண்டு பக்கமும் போட நாலைந்து மணி நேரம், கால்களுக்கு இன்னும் ஒண்ணரை. ராத்திரி முழுக்க விழுது கையில் இருக்கட்டும். காய்ந்து உதிராமலிருக்க எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் தொட்டு வைப்பார்கள். காலையில் தண்ணீர் படாமல் சுரண்டிவிட்டு எண்ணெய் தடவ வேண்டும். அன்று முழுக்க சோப்பு கூடாது. வாக்ஸிங்கும் பெடிக்யூரும் திங்கட்கிழமையே முடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சிவந்த மேல்தோலையே உரித்து எடுத்துவிடும். உள்ளங்கை எப்போதும் கூடச் சிவக்கும், அங்கே தோல் தடிமன். புறங்கை வெளிறித் தெரிந்தால் கோன் போலி என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

சண்டைக்குப் போக வேண்டிய கோன் வேறு. பத்து நிமிஷத்தில் கறுப்பாகப் பிடிக்கும், அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தும் கெடாது என்றால் அது வெறும் மருதாணியாக இருக்க முடியாது. ‘கறுப்பு மருதாணி’ என்று விற்கும் சிலவற்றில் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பிபிடி கலந்திருக்கும்; தோலில் கொப்புளமும் தழும்பும் வரலாம். நிஜமான விழுதை ஃப்ரிட்ஜில் வைத்திருப்பார்கள். கோனைக் கிள்ளி முகர்ந்தால் இலை வாசமும் நீலகிரித் தைல வாசமும் வரும், பெட்ரோல் மாதிரி அடிக்காது. ‘மருதாணி நாங்களே கலக்குவது, நாலு நாளுக்குள் பயன்படுத்துவது’ என்ற வரியை அக்காவே சொல்லி எழுத வைத்தார்.

எல்லாம் முடிந்து நோட்டீஸைப் படித்துக் காட்டினேன். ‘தேவதை’ போய்விட்டிருந்தது. அக்கா தலையாட்டிவிட்டு, ஒன்று விட்டுப்போச்சு என்றார். கடைசியில் சேர்த்தோம்: ‘மணமகள் அறையில் ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி, வேலை செய்யும் ப்ளக் பாயின்ட் இரண்டு, எங்கள் ஆட்கள் மூன்று பேருக்குக் காபி.’