ஒரு சுற்றறிக்கை, ஐந்து வரிகள்

பள்ளிச் சுற்றறிக்கையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்ட ஐந்தாவது நிமிடமே, "மீட்டிங் என்னைக்கு?" என்று யாராவது கேட்பார்கள். தேதிகள் எல்லாம் நீண்ட பத்திக்குள் ஒளிந்திருப்பதுதான் காரணம்.

எடுத்துக்காட்டாக, 24.11.2025 தேதியிட்ட ஒரு சுற்றறிக்கை இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "6 முதல் 8 வகுப்பு மாணவர்கள் சுற்றுலாக் கட்டணத்தை வரும் வெள்ளிக்கிழமைக்குள் செலுத்த வேண்டும். 5.12.2025 வியாழக்கிழமை பிற்பகல் 2 மணிக்குப் பெற்றோர் ஆசிரியர் கூட்டம் நடைபெறும். அரையாண்டுத் தேர்வு 10.12.2025 முதல் 23.12.2025 வரை. 4.1.2026 வரை விடுமுறை."

முதலில் பார்க்க வேண்டியது சுற்றறிக்கையின் தேதி. "வரும் வெள்ளி" என்பதை அங்கிருந்துதான் எண்ண வேண்டும், குழுவில் பகிர்ந்த நாளிலிருந்து அல்ல. 24ஆம் தேதி திங்கள். எனவே அந்த வெள்ளி 28.11.2025. "வெள்ளிக்குள்" என்று இருப்பதால் அதைக் கடைசி நாள் என்றே எழுத வேண்டும். வெறுமனே "28 - சுற்றுலா" என்று போட்டால், அன்றுதான் சுற்றுலா என்று பாதிப் பேர் பையைத் தயார் செய்துவிடுவார்கள்.

அடுத்தது கூட்டம். காலண்டரைப் புரட்டினால் 5.12.2025 வெள்ளிக்கிழமை, சுற்றறிக்கையோ வியாழன் என்கிறது. தேதி தவறா, கிழமை தவறா என்று வீட்டிலிருந்து தீர்மானிக்க முடியாது. தொகுப்பவர் தானாகத் திருத்தாமல், அந்த வரியில் "பள்ளியில் கேட்டு உறுதி செய்யவும்" என்று குறிப்பதே நேர்மை. எல்லாத் தேதிகளையும் கிழமையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்த வேலையின் சிறந்த சோதனை.

விடுமுறை வரியில் பள்ளி திறக்கும் நாளே இல்லை. ஜனவரி 4 ஞாயிறு என்பதால் மறுநாள் திறக்கலாம். ஆனால் அது நம் கணக்கு என்று சொல்லிவிட வேண்டும்.

கூகுள் ஷீட்ஸில் தட்டச்சு செய்பவர்கள் File > Settings பகுதியில் Locale இந்தியா என்று இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அமெரிக்க அமைப்பில் 5/12/2025 என்பது மே 12 ஆகிவிடும்.

குழுவுக்கு அனுப்பும்போது கட்டம் போட்ட அட்டவணை கைகொடுக்காது. தமிழ் எழுத்துகள் ஒரே அகலம் கொண்டவை அல்ல. இடைவெளி விட்டு நேராக்கிய பத்திகள் கைபேசியில் கோணலாகிவிடும். தேதியை முன்னால் வைத்து, நிகழ்வுக்கு ஒரு வரி போதும்:

28.11.2025 வெள்ளி: சுற்றுலாக் கட்டணம், கடைசி நாள் (6–8 வகுப்பு)
5.12.2025 (கிழமை உறுதி செய்யவும்), பிற்பகல் 2: பெற்றோர் ஆசிரியர் கூட்டம்
10.12.2025 புதன் – 23.12.2025 செவ்வாய்: அரையாண்டுத் தேர்வு
4.1.2026 ஞாயிறு: விடுமுறையின் கடைசி நாள்
5.1.2026 திங்கள்: பள்ளி திறப்பு (எங்கள் கணக்கு)

இப்படி எழுத்தாகவே அனுப்பினால், பின்னால் "கட்டணம்" என்று தேடினாலும் கிடைக்கும். சுற்றறிக்கையின் படத்தையும் கூடவே அனுப்புங்கள். சந்தேகம் வந்தால் பெற்றோர் அசலைப் பார்த்துக்கொள்ளட்டும்.