உங்களுக்குத் தெரியுமா? எல்லா முட்டி வலியும் விளையாட்டில் பட்ட அடியல்ல

கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் கூடைப்பந்து ஆடிய மாணவர். 1976 இறுதியில் வலது முட்டி வலித்தது. மூட்டில் ஏதோ காயம் என்று நினைத்துத் தொடர்ந்து ஆடினார். 1977 மார்ச்சில்தான் அது ஆஸ்டியோசார்கோமா என்னும் எலும்புப் புற்றுநோய் என்று தெரிந்தது. 18 வயதில் காலை முட்டிக்கு மேலே எடுத்தார்கள்.

பதின்வயதில் வேகமாக வளரும் முட்டியோர எலும்புகளில்தான் இது அதிகம் வருகிறது. சுளுக்கு ஓய்வில் தணியும். இந்த வலியோ வாரக்கணக்கில் நீடிக்கும், பல நேரம் இரவுத் தூக்கத்தையும் கலைக்கும். கூடவே வீக்கமும் இருந்தால் தைலம் தேய்த்து நாளைக் கடத்தாதீர்கள், எக்ஸ்ரே எடுங்கள்.

இன்று பெரும்பாலோருக்குக் காலை எடுப்பதில்லை. முதலில் சில வாரம் கீமோதெரபி. பிறகு கட்டியுள்ள எலும்புப் பகுதியை மட்டும் அகற்றி, உலோக மூட்டு பொருத்துகிறார்கள். முக்கிய ரத்தக்குழாயையும் நரம்பையும் கட்டி சூழ்ந்துவிட்டால் காலைக் காப்பது கடினம். வளரும் பிள்ளைகளுக்கு, பின்னாளில் நீட்டக்கூடிய உலோக எலும்பும் உண்டு.