அப்பாவின் கணக்கில் ஓர் எட்டாம் வகுப்பு மாணவி

எட்டாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள் போனில் சாட்ஜிபிடியிடம் கணக்குக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிறுவனத்தின் பதிவேட்டில் அவளுக்கு வயது 43 என்று இருக்கக்கூடும். போன் அப்பாவுடையது, ஜிமெயில் அப்பாவுடையது, முதல்முறை உள்ளே நுழைந்தபோது கொடுத்த பிறந்த தேதியும் அப்பாவுடையது. நம் ஊரில் பல வீடுகளில் இப்படித்தான். குழந்தைகளுக்கு என்ன விதி வைக்கலாம் என்று பேசும்முன் இதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். 43 வயதுக்காரருக்குக் கொடுக்கும் பதிலையே 13 வயதுக் குழந்தைக்கும் அது கொடுக்கக்கூடும்.

சாட்ஜிபிடியின் நிபந்தனைகளின்படி 13 வயது நிறையாதவர்கள் அதைப் பயன்படுத்தக்கூடாது. 13 முதல் 17 வரை பெற்றோரின் அனுமதி வேண்டும். பள்ளிகளுக்காக யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் 13 என்ற வயதைத்தான் குறைந்தபட்சமாகச் சொல்கிறது. 2025 செப்டம்பர் முதல் பதின்வயதினரின் கணக்கைப் பெற்றோர் தம் கணக்கோடு இணைத்துக்கொள்ள ஒரு வசதி வந்திருக்கிறது. Settings பகுதியில் Parental controls என்று இருக்கும். அங்கிருந்து பிள்ளைக்கு அழைப்பு அனுப்பி, அவன் ஏற்றுக்கொண்டால் இரண்டு கணக்கும் இணைந்துவிடும். இரவு பத்து மணிக்கு மேல் வேலை செய்யாதபடி நேரம் குறிக்கலாம். குரலில் பேசும் வசதியை நிறுத்தலாம். பழைய உரையாடல்களை நினைவில் வைத்துக்கொள்ளாமல் செய்யலாம். பிள்ளை என்ன பேசினான் என்று உங்களால் படிக்க முடியாது. உயிருக்கு ஆபத்தான நிலை என்று அந்த அமைப்புக்குத் தோன்றினால் மட்டும் தகவல் வரும். பையன் நினைத்தால் இணைப்பைத் துண்டித்துவிடலாம், ஆனால் துண்டித்த செய்தி உங்களுக்கு வந்துவிடும். இது பூட்டு இல்லை, வெறும் தாழ்ப்பாள்தான். ஆனாலும் பிள்ளையை அப்பாவின் கணக்கிலேயே விட்டுவைத்தால் இந்தத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது.

ஆகவே 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரே விதி போதும்: தனியாகக் கூடாது. ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு எரிமலை எப்படி வெடிக்கிறது என்று தெரியவேண்டுமா? ஹாலில் உட்கார்ந்து, அம்மாவோ அப்பாவோ தட்டச்சு செய்து, வந்த பதிலைச் சேர்ந்து படிக்கலாம். படித்தபின் அறிவியல் புத்தகத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். எழுத்து வடிவில் வருவதெல்லாம் உண்மை இல்லை என்று குழந்தை கற்றுக்கொள்வதற்கு அந்த ஹாலை விட நல்ல இடம் கிடையாது. திருக்குறளில் எண் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். தவறான குறளையோ, வள்ளுவர் எழுதவே எழுதாத ஒன்றையோ அது தயக்கமில்லாமல் எடுத்து நீட்டுவதுண்டு. பக்கத்தில் குறள் புத்தகம் இருந்தால் குழந்தையே கண்டுபிடித்துவிடும். அந்தக் குஷி பெரிய பாடம்.

பதின்மூன்றுக்கு மேல்தான் வீட்டுப்பாடத்தின் உண்மையான தகராறு ஆரம்பிக்கிறது.

துருக்கியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆயிரம் பேருக்குக் கொஞ்சம் குறைவான மாணவர்களை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். கணக்குப் பயிற்சியின்போது ஒரு பிரிவுக்குச் சாதாரண சாட்பாட் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி அமைக்கப்பட்ட சாட்பாட். மூன்றாவது பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும்தான். பயிற்சியில் முதல் பிரிவு 48 சதவீதம் கூடுதலாகச் செய்தது. குறிப்புப் பிரிவு 127 சதவீதம். பிறகு எல்லோரிடமிருந்தும் கருவியை வாங்கிவிட்டுத் தேர்வு வைத்தார்கள். சாதாரண சாட்பாட் வைத்திருந்தவர்கள், புத்தகம் மட்டும் வைத்திருந்தவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். குறிப்புப் பிரிவுக்கு அந்தச் சரிவு ஏறக்குறைய இல்லை. எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறொன்று: சரிந்தவர்களுக்குத் தாங்கள் சரிந்தது தெரியவில்லை. பயிற்சியில் எல்லாம் சரியாக வந்ததால் பாடம் புரிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள்.

நம் வீட்டில் இதை எப்படிச் செய்வது? எட்டாம் வகுப்புக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடைக்காரர் 800 ரூபாய்க்கு வாங்கிய மின்விசிறிக்கு 25 சதவீதம் கூட்டி விலை குறிக்கிறார். பிறகு 10 சதவீதம் தள்ளுபடி தருகிறார். லாப சதவீதம் என்ன? பல பிள்ளைகள் 25-லிருந்து 10-ஐக் கழித்து 15 என்று போட்டுவிடுவார்கள். இந்தக் கேள்வியை அப்படியே படம் பிடித்துச் சாட்பாட்டில் போட்டால் ஐந்து வரியில் அழகாக விடை வந்துவிடும். பிள்ளை அதைப் பார்த்து எழுதுவாள். 15 ஏன் தப்பு என்ற விஷயம் அவள் தலைக்குள் போகவே போகாது.

இதற்குப் பதிலாக, முதலில் நோட்டில் தன் விடையைப் போட்டுவிட்டு, அப்புறம் இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: “நான் 15 சதவீதம் என்று போட்டேன். விடையைச் சொல்லாதே. எங்கே தப்பு என்று எனக்குப் புரிகிற மாதிரி ஒரே ஒரு கேள்வி கேள்.” பெரும்பாலும், “10 சதவீதம் தள்ளுபடி எந்தத் தொகையின் மேல் கணக்கிடப்படுகிறது?” என்பதுபோல ஒரு கேள்வி வரும். அங்கேதான் மணி அடிக்கும். குறித்த விலை 1000, தள்ளுபடி 100, விற்ற விலை 900. லாபம் 100 ரூபாய், 800-க்கு அது 12.5 சதவீதம். துருக்கியில் இரண்டாம் பிரிவுக்கு ஆய்வாளர்கள் செய்துகொடுத்த ஏற்பாட்டை, இந்த மூன்று வாக்கியங்களால் பிள்ளை தானே ஓரளவு செய்துகொள்கிறாள். ஆனால் முதல் முயற்சி நோட்டில் பேனாவால் இருக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பதினாறு, பதினேழு வயதில் கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம். எந்தப் பாடத்தில் பிள்ளையால் சாட்பாட்டின் தப்பைப் பிடிக்க முடிகிறதோ, அந்தப் பாடத்தில் சுதந்திரமாக விடலாம். வேதியியலில் கெட்டிக்காரியாக இருப்பவள் வரலாற்றில் தடுமாறலாம். வயதை மட்டும் பார்த்து எல்லாப் பாடத்துக்கும் ஒரே அனுமதி தருவதில் எனக்கு உடன்பாடில்லை.

பள்ளிகள் செய்யும் பெரிய தவறு, கணினி எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்புவது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் இத்தகைய கருவிகள் இயந்திரம் எழுதியது என்று முத்திரை குத்தியதை அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாத நம் பிள்ளைகளை இந்தக் கருவியால் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். ஆசிரியருக்குச் சந்தேகம் வந்தால் பையனைக் கூப்பிட்டு, “இந்த இரண்டாவது பத்தியை உன் வார்த்தையில் சொல்லுப்பா” என்று கேட்டால் தெரிந்துவிடும். வீட்டுப்பாடத்தின் கடைசியில் “சாட்பாட்டிடம் என்ன கேட்டேன்” என்று ஒரு வரி எழுதும் பழக்கத்தையும் கொண்டுவரலாம். அந்த வரியை எழுதியதற்காக யாருக்கும் மதிப்பெண் குறையாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரும் எழுத மாட்டார்கள்.

அடுத்தது அந்தரங்கம். பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது எளிது: பெயர், பள்ளி, தெரு, போன் எண், ஆதார், சீருடையோடு எடுத்த படம் எதையும் போடாதே, பிறரைப் பற்றியும் போடாதே. அமைப்பில் Data controls என்ற இடத்தில் Improve the model for everyone என்றிருப்பதை அணைத்துவிட்டால் உரையாடல்கள் பயிற்சிக்குப் போகாது. பகிர்வதற்காக உருவாக்கிய இணைப்புகளால் ஆயிரக்கணக்கான உரையாடல்கள் 2025-இல் கூகுள் தேடலில் வந்து நின்றன. பிறகுதான் அந்த வசதியை எடுத்தார்கள். இதில் பெரியவர்களும் சளைத்தவர்கள் இல்லை. மதிப்பெண் பட்டியலை மாணவர் பெயர்களோடு ஏற்றி “குறிப்பு எழுதித் தா” என்று கேட்கும் ஆசிரியர், மகனின் மருத்துவ அறிக்கையைப் படமெடுத்துப் போடும் அப்பா. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைகளே. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். பள்ளி ஒரு புதுச் செயலியைக் கொண்டுவந்தால், தகவல் எங்கே சேமிக்கப்படுகிறது, எப்போது அழிக்கப்படும் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மனம் விட்டுப் பேசுவது இன்னும் சிக்கலானது. சாட்பாட் சலிப்படையாது, திட்டாது, பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லாது. மனிதர்கள் எந்தப் பதிலை விரும்பினார்களோ அதைப் பார்த்தே பழக்கப்பட்டதால், நாம் சொல்வதற்குத் தலையாட்டும் போக்கும் அதற்கு உண்டு. “என்னை யாருக்குமே பிடிக்கவில்லை” என்று ஒரு குழந்தை சொன்னால், “அப்படியா? நேற்று உன் தோழி வந்து இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாளே!” என்று அதனால் மறுத்துப் பேச முடியாது. அது அந்த வீட்டில் இல்லை. உரையாடல் நீள நீளப் பாதுகாப்புத் தடுப்புகள் பலவீனமாகக்கூடும் என்று ஓப்பன்ஏஐயே 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் இரு பதின்வயதுப் பிள்ளைகளின் மரணத்துக்குப் பிறகு அவர்களின் பெற்றோர் தொடுத்த வழக்குகள் இதை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தன. கற்பனைப் பாத்திரங்களோடு பேசவைக்கும் கேரக்டர் ஏஐ நிறுவனம் 2025 நவம்பரில் 18 வயதுக்குக் கீழானவர்களுக்கு அத்தகைய தடையற்ற உரையாடலையே நிறுத்திவிட்டது. தோழன், காதலி என்று பாத்திரம் ஏற்கும் செயலிகள் நம் வீட்டிலும் 18 வரை வேண்டாம். இதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

பொதுவான சாட்பாட்டிடமே பிள்ளை ஒட்டிக்கொள்கிறதா என்பதைப் பயன்படுத்தும் நேரத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. அதற்குப் பெயர் வைத்து அழைக்கிறாளா? நாம் அருகே போனால் திரையைத் திருப்புகிறாளா? சண்டை வந்ததும், முன்பெல்லாம் அத்தையிடமோ தோழியிடமோ ஓடியவள் இப்போது போனோடு அறைக்குள் போகிறாளா? இதையெல்லாம் பார்த்துவிட்டு, “அப்படி என்னத்த அதுகிட்ட சொல்லிட்டு இருக்க?” என்று போனைப் பிடுங்கினால் வாசல் அடைபட்டுவிடும். “அது என்ன சொல்லுச்சு கண்ணு? எனக்கும் காட்டேன், சரியாத்தான் சொல்லுதான்னு பார்ப்போம்” என்று பக்கத்தில் உட்காருங்கள். தெரியாமல் எடுத்துப் படிக்காதீர்கள். ஒருமுறை தெரிந்துவிட்டால் அடுத்த கணக்கை உங்களுக்குத் தெரியாத போனில் திறப்பாள்.

சாகவேண்டும்போல இருக்கிறது, உடம்பைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுகிறது என்பதுபோன்ற பேச்சு வந்தால் விதி, நேரம், கணக்கு எதையும் அப்போது பேசாதீர்கள். பிள்ளையைத் தனியாக விடாமல் உடனே உதவி கேளுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரண்டும் கட்டணமில்லாதவை, 24 மணி நேரமும் இயங்குபவை. டெலி மானஸில் தமிழிலும் பேசலாம். இந்த இரு எண்களையும் உங்கள் போனிலும் பிள்ளையின் போனிலும் பெயரோடு சேமித்து வையுங்கள். பள்ளிகள் நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் அச்சிட்டுக் கொடுக்கலாம்.