நாலாயிரம் க்ளிக், எட்டு ஆர்டர்

கோவையில் ஒரு மரச்செக்கு எண்ணெய் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். மார்க்கெட்டிங் பயிற்சிக்கு வந்த கல்லூரிப் பெண், ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் தன் முதல் விளம்பரத்தைப் போடுகிறாள். பட்ஜெட் 20,000 ரூபாய். பத்து நாளில் 4,000 பேர் க்ளிக் செய்தார்கள். ஒரு க்ளிக்குக்கு ஐந்தே ரூபாய். வந்த ஆர்டர் எட்டு.

"ஏம்மா, இத்தனை பேர் வந்தும் எட்டுப் பேர்தான் வாங்குனாங்களா?" என்றார் முதலாளி.

"விளம்பரப் படம் சரியில்லைன்னு நினைக்கிறேன் சார். மாத்திடறேன்."

"படத்தை அப்புறம் மாத்தலாம். வந்தவங்க எங்க நின்னாங்கன்னு முதல்ல பாரும்மா."

பார்த்தாள். 4,000 க்ளிக்கில், கடையின் பக்கம் முழுதாகத் திறந்தது 1,300 பேருக்குத்தான். விளம்பரம் எங்கெங்கே தோன்றியது என்று பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. க்ளிக்கில் பெரும்பகுதி ஃபேஸ்புக்கிலிருந்து வரவில்லை. கேம் ஆப்களில் தோன்றிய விளம்பரத்திலிருந்து வந்திருந்தது. விளையாடும்போது விரல் தவறிப் பட்டு, உடனே மூடிவிட்டவர்களே அதில் அதிகம். விளம்பரத்தின் நோக்கமாக அவள் தேர்ந்தெடுத்தது 'டிராஃபிக்'. அந்த அமைப்பு, கேட்டபடியே மலிவான க்ளிக்குகளைத் தேடிக் கொடுத்தது. எண்ணெய் வாங்குகிறவர்களைத் தேடச் சொல்லி யாரும் அதனிடம் கேட்கவில்லை. விளம்பரம் போடுகிற சிறு வியாபாரிகள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது.

அடுத்த வாரம் நோக்கத்தை 'விற்பனை' என்று மாற்றி, கேம் ஆப்களை நீக்கி, 4,000 ரூபாய்க்கு மட்டும் விளம்பரம் ஓடியது. க்ளிக் வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் 50 பேர் எண்ணெயைக் கூடையில் போட்டார்கள். ஆர்டர் ஐந்துதான்!

வாங்க நினைத்தவர்களும் கடைசிப் படியில் திரும்பிப் போயிருக்கிறார்கள். முதலில் வந்த எட்டு ஆர்டரை அவள் மறுபடி எடுத்துப் பார்த்தாள். ஆறு பேர் வாங்கியது இரண்டு லிட்டர். இரண்டு லிட்டருக்கு டெலிவரி இலவசம். ஒரு லிட்டருக்கு 90 ரூபாய். 380 ரூபாய் என்று நம்பி வந்தவருக்கு, பணம் கட்டும் நேரத்தில்தான் 470 என்று காட்டியது அந்தப் பக்கம். எட்டு ஆர்டரை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது, சந்தேகப்படலாம். எனவே அதே விளம்பரம், அதே தொகை. டெலிவரிக் கட்டணத்தையும் இரண்டு லிட்டர் சலுகையையும் மட்டும் விலைக்குப் பக்கத்திலேயே எழுதினாள். இந்த முறை கூடையில் போட்டவர்கள் 48 பேர், வாங்கியவர்கள் 20 பேர். பெரும்பாலும் இரண்டு லிட்டர்.

இதையும் வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஒரு ஆர்டருக்கு விளம்பரச் செலவு 200 ரூபாய்; இரண்டு லிட்டரில் எல்லாம் போக நிற்கும் லாபம் 160. அந்த வாடிக்கையாளர் இன்னொரு முறை வாங்கினால்தான் கணக்கு லாபத்துக்குத் திரும்பும்.